கணக்கு முடித்த பிறகு பழைய ஆண்டின் பிழை தெரியவந்தால்: ஒரே பில் இரண்டு முறை பதிவான கதையும் அதைத் திருத்திய வழியும்

நான் திருப்பூர்ப் பகுதியில் ஒரு சிறு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 2025 நவம்பரில், எங்களுக்கு மெஷின் உதிரிபாகம் தரும் ஒரு வியாபாரியிடமிருந்து நிலுவை உறுதிக் கடிதம் வந்தது. அவர் லெட்ஜரில் எங்கள் நிலுவை சுழி. எங்கள் லெட்ஜரிலோ அவருக்கு 4,72,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. தேடிப் பார்த்ததில், 2023 அக்டோபரில் வந்த ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. முதலில் மின்னஞ்சலில் வந்த நகலை வைத்து ‘127’ என்ற எண்ணிலும், பின்னர் லாரியோடு வந்த தாளை வைத்து ‘0127’ என்ற எண்ணிலும் ஏற்றியிருக்கிறோம். முன்னால் ஒரு சுழி இருந்ததால், ஒரே பில் எண் மீண்டும் வந்தால் எச்சரிக்கும் வசதி அதை வேறு பில்லாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அதற்குள் 2023-24, 2024-25 ஆகிய இரண்டு நிதியாண்டுகளின் கணக்குகளும் தணிக்கை முடிந்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஏற்கப்பட்டு, பதிவாளரிடமும் வருமான வரித் துறையிடமும் தாக்கலாகிவிட்டன. எங்கே கை வைப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் அலைந்தேன். நீங்கள் அலையாமல் இருக்க, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்களுடையது பழைய கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும், பட்டியலிடப்படாத சிறு கம்பெனி. கீழே வருவதெல்லாம் அத்தகைய கம்பெனிக்கே பொருந்தும்.

1. பழைய வவுச்சரைத் தொடாதீர்கள்

முதலில் எழும் ஆசை, மென்பொருளில் 2023 அக்டோபருக்குப் போய் இரண்டாவது வவுச்சரை அழித்துவிடுவதுதான். அதைச் செய்தால் 2023-24 இன் லாபமும், அடுத்தடுத்த ஆண்டுகளின் தொடக்க இருப்பும் ஒரே நொடியில் மாறிவிடும். கையெழுத்தான இருப்புநிலைக் குறிப்புக்கும் உங்கள் கணினியில் இருப்பதற்கும் அதன் பிறகு பொருத்தமே இருக்காது. மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்துகொள்ளும் தணிக்கைத் தடம் இருந்தே ஆக வேண்டும். அதை அணைக்கவும் கூடாது. ஆகவே அழித்ததும் பதிவாகும், யார் எப்போது அழித்தார் என்பதும் பதிவாகும். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம் ஆடிட்டரின் அறிக்கையில் வேறு விதமாகத் தோன்றும்.

பழைய ஆண்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வவுச்சர்களையும் அச்செடுத்து வையுங்கள்.

2. அது பிழைதானா, எந்த ஆண்டின் லாபம் மாறியது என்று பாருங்கள்

பழைய ஆண்டோடு தொடர்புடைய எல்லா வித்தியாசமும் பிழை ஆகாது. கணக்கியல் தரநிலை 5, முந்தைய ஆண்டின் நிதிநிலை அறிக்கையைத் தயாரித்தபோது நேர்ந்த தவறு அல்லது விடுபாட்டால் இந்த ஆண்டில் எழும் வருமானத்தையோ செலவையோதான் ‘முந்தைய கால உருப்படி’ என்கிறது. போன மார்ச்சில் போனஸுக்கு 3 லட்சம் ஒதுக்கி, இந்த ஆண்டு 3.4 லட்சம் கொடுத்தீர்கள் என்றால் அது மதிப்பீட்டு வித்தியாசம். அந்த 40,000 இந்த ஆண்டின் சாதாரணச் செலவுதான். ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியது அப்படியல்ல. அன்றைக்கே கையில் இருந்த தகவலைத் தவறாகப் பயன்படுத்தியது.

அடுத்த கேள்வியில்தான் நான் சறுக்கினேன். செலவு இரண்டு முறை ஏறிவிட்டது, ஆகவே லாபம் 4 லட்சம் குறைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டினேன். ஆடிட்டர் கேட்டார்: “இந்தப் பொருளை ஸ்டாக்கில் வைத்தீர்களா, நேராகச் செலவில் எழுதினீர்களா?” பொருள் ஸ்டாக்கில் ஏறியிருந்து, மார்ச் 31 இன் இறுதிச் சரக்கையும் எண்ணிப் பார்க்காமல் புத்தகத்திலிருந்தே எடுத்திருந்தால், கொள்முதலும் 4 லட்சம் கூடியிருக்கும், இறுதிச் சரக்கும் 4 லட்சம் கூடியிருக்கும். அப்போது அந்த ஆண்டின் லாபம் மாறியிருக்காது. இல்லாத சரக்கு ஒன்று இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும், எண்ணிப் பார்க்கும் ஆண்டில்தான் அது நட்டமாக வெளிவரும். எங்கள் உதிரிபாகங்கள் வாங்கியவுடன் பராமரிப்புச் செலவில் எழுதப்படுபவை என்பதால், லாபம் குறைந்தது 2023-24 இல்தான். 2024-25 இன் லாபம் சரி. ஆனால் அந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பிலும் கடன் 4,72,000 கூடுதலாகவே நின்றது.

பிழையின் அளவை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்தது இது: செலவு கூடுதல் 4,00,000, வரவாக எடுத்துக்கொண்ட உள்ளீட்டு ஜிஎஸ்டி கூடுதல் 72,000, வியாபாரிக்குத் தர வேண்டிய நிலுவை கூடுதல் 4,72,000. பின்னால் வரும் எல்லா வேலையும் இந்த மூன்று எண்களிலிருந்துதான் கிளம்புகின்றன.

3. ஆவணங்களைச் சேர்த்த பிறகே ஆடிட்டரிடம் போங்கள்

நான் முதல் முறை வெறும் வாயோடு போய், திரும்பி வந்தேன். இரண்டாம் முறை கொண்டு போனவை:

- வியாபாரி கையெழுத்திட்டுத் தந்த, 2023 ஏப்ரல் முதல் இன்று வரையிலான லெட்ஜர்
- இரண்டு வவுச்சர்களும், அவற்றோடு இணைந்த பில் நகல்களும்
- வியாபாரிகள் ஏற்றிய பில்களைப் பட்டியலிடும், 2023 அக்டோபர் மாத GSTR-2B (இதில் அந்தப் பில் ஒரே முறைதான் இருந்தது)
- ஒரே முறை பணம் போனதைக் காட்டும் வங்கி அறிக்கை
- வரவு எடுத்து நாங்கள் தாக்கல் செய்த அந்த மாத ரிட்டர்னான GSTR-3B, அதற்குப் பின் வந்த மாதங்களின் மின்னணு வரவு லெட்ஜர்

இவற்றில் GSTR-2B தான் வலுவான சான்று. வியாபாரியின் லெட்ஜரை அவர் பக்கத்துத் தவறு என்று யாராவது சொல்லலாம். அவர் ஜிஎஸ்டி தளத்தில் ஒரே பில்லைத்தான் ஏற்றினார் என்பதை மறுக்க முடியாது. அந்த மாதம் 2B-யோடு ஒப்பிட்டுவிட்டு உள்ளீட்டு ஜிஎஸ்டி வரவு எடுத்திருந்தால் இந்தப் பிழையே அன்றைக்கு நின்றிருக்கும் என்பது வேறு விஷயம்.

4. பழைய கணக்கைத் திறக்க வேண்டுமா என்று தீர்மானியுங்கள்

கம்பெனிகள் சட்டத்தின் 131 ஆம் பிரிவின்படி, தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற்று, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எதன் நிதிநிலை அறிக்கையையும் இயக்குநர் குழு தானாக முன்வந்து திருத்தலாம். ஆனால் அது அறிக்கை சட்டத்தின் தேவைகளுக்கு ஒத்துவராமல் போன நிலைக்கான வழி. மனு, வழக்கறிஞர், விசாரணை, திருத்திய அறிக்கைக்கு மீண்டும் தணிக்கை என்று நீளும். அறிக்கையைப் படித்தவரின் முடிவையே மாற்றக்கூடிய அளவுக்குப் பிழை பெரிதாக இருந்தால் தவிர, அந்த வழியில் போவது கொசுவுக்குப் பீரங்கி வைப்பதுதான்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது, நடப்பு ஆண்டின் லாப நட்டக் கணக்கில் அந்தத் தொகையைத் தனி வரியில் காட்டுவதுதான். தரநிலை 5 கேட்பது இதைத்தான்: உருப்படியின் தன்மையும் தொகையும், நடப்பு லாபத்தில் அதன் தாக்கம் தெரியும்படி தனியாக வெளிப்பட வேண்டும். இன்ட் ஏஎஸ் எனப்படும் புதிய தரநிலைகளைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கு விதி வேறு. அவர்கள் ஒப்பீட்டுக்காகக் காட்டும் பழைய ஆண்டின் எண்களையே மாற்றி எழுத வேண்டும். உங்கள் கம்பெனி எந்தத் தரநிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், கடைசி ஆண்டறிக்கையின் கணக்கியல் கொள்கைகள் குறிப்பின் முதல் பத்தியில் இருக்கும்.

5. நடப்பு ஆண்டில் ஜர்னல் பதிவு போடுங்கள்

‘நடப்பு ஆண்டு’ என்றால், இன்னும் கணக்கில் கையெழுத்தாகாத ஆண்டு. பிழையை நாங்கள் 2025 ஜூனில் கண்டுபிடித்திருந்தால், அப்போது தணிக்கையில் இருந்த 2024-25 இலேயே இதைப் போட்டிருக்கலாம். நவம்பரில் தெரியவந்ததால் 2025-26 இல் போட்டோம்.

```
வியாபாரி கணக்கு              பற்று   4,72,000
  முந்தைய கால உருப்படி        வரவு   4,00,000
  உள்ளீட்டு மத்திய ஜிஎஸ்டி     வரவு     36,000
  உள்ளீட்டு மாநில ஜிஎஸ்டி      வரவு     36,000
```

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, 4 லட்சத்தைப் பராமரிப்புச் செலவிலேயே கழித்துவிடுவது. அப்படிச் செய்தால் இந்த ஆண்டின் செலவு காரணமின்றிக் குறைந்து தெரியும், பிழையும் மறைந்துவிடும். இரண்டாவது, பலரும் செய்வது: நிலுவை முழுவதையும் ‘பழைய நிலுவை தள்ளுபடி’ என்று மற்ற வருமானத்துக்குக் கொண்டுபோவது. தள்ளுபடி என்றால் ஒரு கடன் உண்மையில் இருந்து, அதைத் தர வேண்டாம் என்றாகிவிட்டது என்று பொருள். இங்கே கடனே இருந்ததில்லை. அதோடு, அந்த வழியில் 72,000 ஜிஎஸ்டியும் வருமானத்தோடு சேர்ந்துபோய், அரசுக்குத் திருப்ப வேண்டிய வரி உங்கள் லாபத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

வவுச்சரின் விவரத்தில் இரண்டு பில் எண்களையும், பழைய வவுச்சர் எண்களையும், எப்படித் தெரியவந்தது என்பதையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். டாலியில் ஜிஎஸ்டி வரியை ஜர்னலில் திருப்பும்போது `Alt+J` அழுத்தி `Stat Adjustment` தேர்ந்தெடுக்காவிட்டால், லெட்ஜரில் தொகை குறையும், ஜிஎஸ்டி அறிக்கையில் குறையாது.

6. ஜிஎஸ்டியைத் திருப்புங்கள்

2023-24 இன் ஆண்டு ரிட்டர்னான GSTR-9-ஐத் தாக்கல் செய்த பிறகு திருத்த முடியாது. பழைய மாதத்தின் GSTR-3B-யையும் திருத்த முடியாது. ஆகவே, நடப்பு மாதத்தின் GSTR-3B-யில் அட்டவணை 4(B)(2)-வில் 72,000-ஐத் திருப்பிக் காட்டினோம். முந்தைய மாதங்களில் கவனக்குறைவாக எடுத்த வரவைத் திருப்ப இந்தக் கட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று 2022 ஆம் ஆண்டின் 170 ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் இதே கட்டம், பின்னால் மீண்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய வரவுக்கும் பயன்படுவதால், இந்த 72,000-ஐ யாரும் பிற்பாடு திரும்ப எடுத்துவிடாதபடி உங்கள் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

வட்டி எல்லாருக்கும் வராது. தவறாக எடுத்த வரவைப் பயன்படுத்தியிருந்தால்தான் ஆண்டுக்கு 18 சதவீதம். பயன்படுத்தியதா என்பதை மின்னணு வரவு லெட்ஜர் சொல்லும்: வரவு எடுத்த நாளிலிருந்து திருப்பிய நாள் வரை இருப்பு ஒருநாளும் 72,000-க்குக் கீழே போகவில்லை என்றால் வட்டி இல்லை. கீழே போயிருந்தால், எவ்வளவு கீழே போனதோ அந்த அளவுக்கு மட்டும், அந்த நாளிலிருந்து வட்டி. எங்கள் இருப்பு 2024 பிப்ரவரி 20 அன்று சுழியைத் தொட்டிருந்தது. 2025 டிசம்பர் 18 அன்று திருப்பினோம். இடையில் 667 நாட்கள். 72,000-க்கு 18 சதவீதத்தில் 23,683 ரூபாய். வட்டியை வரவு லெட்ஜரிலிருந்து கட்ட முடியாது, ரொக்க லெட்ஜரில் பணம் போட்டுத்தான் கட்ட வேண்டும். அதற்கான சலானை முந்தைய நாளே போட்டுவிடுங்கள்.

திருப்புவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் வியாபாரிக்குப் பணம் போகாவிட்டால் வரவைத் திருப்ப வேண்டும் என்ற விதி உண்டு. உங்கள் அலுவலகத்தில் அந்தப் பட்டியலை ஒழுங்காக எடுப்பவர் இருந்தால், இந்த இரண்டாவது பில்லின் வரவை அவர் ஏற்கெனவே திருப்பியிருக்கலாம். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை.

7. வருமான வரியில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் பிழை நேர்ந்த ஆண்டுக்குத் திருத்திய ரிட்டர்னுக்கான கதவு மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31-உடன் மூடிவிட்டது. 2023-24 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2024-25; ஆகவே 2024 டிசம்பர் 31 உடன் அது முடிந்தது. அதன் பிறகு இருப்பது புதுப்பித்த ரிட்டர்ன் எனப்படும் `ITR-U`. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை தாக்கல் செய்யலாம். ஆனால் தாமதத்துக்கேற்ப, வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் கூடுதல் வரி ஏறும். முதல் 12 மாதங்களுக்குள் 25 சதவீதம், அடுத்த 12 மாதங்களில் 50, பிறகு 60, கடைசி ஆண்டில் 70. எங்களுக்கு 25 சதவீதக் கட்டம் 2026 மார்ச் 31 உடன் முடிய இருந்தது.

இந்தக் கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். கூடுதல் வரி கட்ட வருபவருக்குத்தான் `ITR-U`. நட்டத்தைக் கூட்டவோ, வரியைக் குறைக்கவோ, ரீஃபண்டைக் கூட்டவோ பயன்படாது. உங்கள் பிழை எதிர்ப்பக்கமாக, அதாவது ஒரு செலவு விட்டுப்போய் அதனால் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால், தாமதத்தைப் பொறுக்கும்படி 119(2)(b) பிரிவில் விண்ணப்பிப்பதுதான் மிச்சம். அதற்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரம்பு. அந்த ஆண்டுக்கு வரி நிர்ணயம் நடந்துகொண்டிருந்தாலோ முடிந்திருந்தாலோ `ITR-U`-வுக்குத் தடை வரலாம் என்பதையும் முதலிலேயே தளத்தில் நோட்டீஸ் பகுதியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. பழைய ரிட்டர்னில் வருமானம் 18 லட்சம். இப்போது 22 லட்சம். நாங்கள் 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனி. சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம். கூடிய 4 லட்சத்துக்கு வரி 1,00,672. முன்பு கட்டிய அட்வான்ஸ் டாக்ஸ் இப்போதைய வரியில் 90 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதால், 2024 ஏப்ரல் முதல் 2025 டிசம்பர் வரை 21 மாதங்களுக்கு, நூறுக்குக் குறைந்த 72-ஐ விட்டுவிட்டு, 1,00,600-க்கு மாதம் 1 சதவீத வட்டி, 21,126. இரண்டும் சேர்ந்த 1,21,798-க்கு 25 சதவீதம், அதாவது ஏறத்தாழ 30,450. மொத்தம் 1,52,000-க்குச் சற்று மேல். அட்வான்ஸ் டாக்ஸ் தவணைகளுக்கான 234C வட்டி இதற்கு மேல் சில ஆயிரம் சேரலாம். அதை ரிட்டர்ன் மென்பொருளே கணக்கிடும்.

8. ரிட்டர்னை அனுப்பும் முன்

ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒரே ஒரு `ITR-U` தான். அனுப்பிய பிறகு இன்னொரு பிழை தெரியவந்தால் வழியில்லை. ஆகவே, அவசரமாக அனுப்பாமல், அந்த ஆண்டின் எல்லா வியாபாரிகளிடமிருந்தும் லெட்ஜர் வாங்கி ஒப்பிட்டோம். 2B-யையும் பன்னிரண்டு மாதங்களுக்கும் வரிசையாகப் பார்த்தோம். பத்து நாட்கள் பிடித்தன. வேறு பிழை கிடைக்கவில்லை. ஆனால் முன்னால் சுழி போட்ட பில் எண்கள் மட்டும் பதினேழு கிடைத்தன.

வரியைக் கட்டிய பிறகே ரிட்டர்ன் போகும். கம்பெனி என்பதால் இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். எங்கள் இயக்குநரின் கையொப்பம் செப்டம்பரிலேயே காலாவதியாகியிருந்ததை, அனுப்பும் பொத்தானை அழுத்தும்போதுதான் கண்டோம். புதிது வாங்கி, தளத்தில் மீண்டும் பதிவு செய்ய நான்கு நாட்கள் போயின. மார்ச் 28 அன்று இது நடந்திருந்தால் 25 சதவீதம் 50 ஆகியிருக்கும்.

9. இந்த ஆண்டு ரிட்டர்னில் அதே தொகைக்கு மீண்டும் வரி கட்டாதீர்கள்

ஐந்தாவது படியில் போட்ட 4 லட்சம், 2025-26 இன் லாபத்தில் சேர்ந்து நிற்கிறது. அதே 4 லட்சத்துக்கு 2023-24 இல் வரி கட்டியாகிவிட்டது. ஆகவே 2025-26 இன் வருமானக் கணக்கீட்டில் அதைக் கழிக்க வேண்டும். கணக்கீட்டைத் தயாரிப்பவர் வேறொருவராக இருந்தால், அவர் கையில் `ITR-U` ஒப்புகையைக் கொடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: `ITR-U`-வுக்காகக் கட்டிய வரியும் வட்டியும் கூடுதல் வரியும் இந்த ஆண்டில் கழிக்கத்தக்க செலவு அல்ல, லாப நட்டக் கணக்கில் ‘முந்தைய ஆண்டுகளின் வரி’ என்று தனியாகக் காட்டிவிட்டு, கணக்கீட்டில் திரும்பச் சேர்க்க வேண்டும். வரித் தணிக்கை உள்ள கம்பெனி என்றால், முந்தைய கால வருமானமும் செலவும் கேட்கப்படும் இடம் தணிக்கைப் படிவம் 3CD-யின் 27(b) கூறு; அங்கே ‘இல்லை’ என்று போய்விடாதபடி ஆடிட்டருக்கு இப்போதே எழுதி வையுங்கள், ஏனெனில் அடுத்த செப்டம்பரில் யாருக்கும் நினைவிருக்காது.

கடைசியாக, வியாபாரியின் லெட்ஜரை மீண்டும் வாங்கி உங்களுடையதோடு வைத்துப் பாருங்கள். எங்களுக்கு இப்போது இரண்டு பக்கமும் சுழி. பில் எண்ணைப் பதியும்போது முன்னால் வரும் சுழிகளை விட்டுவிட வேண்டும் என்று கணினிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.